வெற்றுத் தேதிச் சீட்டு என்ன சொல்கிறது?

கேள்வி: ஊர்ப்புற நூலகர் ஒருவரைப் பற்றி ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். விளவங்கோடு தாலுகாவில், குழித்துறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கதை நடக்கிறது. ஒரு மழை இரவில் நூலகர் பத்து வருட வழங்கல் பதிவேடுகளைப் புரட்டி, யாரும் ஒருமுறைகூட எடுக்காத நாற்பது புத்தகங்களைக் கண்டுபிடிக்கிறார். அவற்றைக் கழித்துவிடுவார்களோ என்று பயந்து, தானே பழைய தேதிகளை முத்திரை குத்துகிறார். முதல் தேதி 14-6-2019. நூலகத் துறையில் இருந்த ஒருவர் படித்துவிட்டு, "நல்லா இருக்கு, ஆனா இப்படி நடக்காது" என்று மட்டும் சொன்னார். எது நடக்காது? எப்படிச் சரிசெய்வது?
(ஒரு வாசகர், தக்கலை)

பதில்:

உங்கள் கதையில் இடிப்பது அந்த மழை இரவுதான். வழங்கல் பதிவேட்டில் வெளியே போன புத்தகம் மட்டுமே இருக்கும். தேதி, உறுப்பினர் எண், நூலின் எண், திரும்பி வந்த நாள், கையெழுத்து என்று ஒரு வரி. அலமாரியை விட்டு நகராத புத்தகத்துக்கு அதில் வரியே கிடையாது. ஆகவே அந்தப் பதிவேட்டை எத்தனை முறை புரட்டினாலும் "யாரும் எடுக்காத நூல்" என்று ஒன்று கண்ணில் படாது. நூலகத்தில் உள்ள எல்லா நூல்களின் பட்டியலான இருப்புப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்து, போனதை எல்லாம் அடித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவதுதான் அது. இந்தக் கழித்தல் கணக்கைத்தான் உங்கள் நண்பர் "நடக்காது" என்றிருப்பார்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். உங்கள் கதையின் நூலகத்தில் 3,200 நூல்கள், ஒரு நாளைக்கு 20 பேர் எடுக்கிறார்கள், வருடத்தில் 290 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடத்துக்கு 5,800 வரி. பத்து வருடத்துக்கு 58,000. பக்கத்துக்கு 25 வரி என்றால் 200 பக்க நோட்டில் பன்னிரண்டு. ஒவ்வொரு வரிக்கும் இருப்புப் பதிவேட்டில் அந்த எண்ணைத் தேடிப்பிடித்து அடிக்க வேண்டும். இரவெல்லாம் உட்கார்ந்தாலும் முதல் நோட்டின் பாதியைத் தாண்ட மாட்டார். நூலகக் கணினியில் தேடியதாக எழுதினால் பட்டியல் நொடியில் வந்துவிடும். ஆனால் கணினியில் ஏற்றிய நாளிலிருந்துதான் அதற்கு நினைவு. அதற்கு முன் முப்பது முறை போய்வந்த நூலும் அங்கே பூஜ்யமாகத்தான் நிற்கும்.

நூலகர்கள் உண்மையில் பார்ப்பது வேறு இடம். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டு. திருப்பித் தரவேண்டிய நாளை ஒவ்வொரு முறையும் அதில்தான் குத்துகிறோம். புத்தகத்தைத் திறந்து சீட்டைப் பார்த்து மூட பதினைந்து நொடி போதும். மணிக்கு 240 புத்தகம். தினமும் மாலையில் கூட்டம் ஓய்ந்தபின் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் 3,200 நூலையும் பதினான்கு வேலை நாளில் பார்த்துவிடலாம். கதையில் ஓர் இரவு, இரண்டு வாரமாக மாறும். அது உங்களுக்கு நல்லதே. ஒரே இரவில் கண்டுபிடிப்பவர் துப்பறிகிறார். இரண்டு வாரம் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்ப்பவர், அந்தப் புத்தகங்களோடு பழகுகிறார்.

இந்த வேலையை அவர் ஏன் தொடங்குகிறார் என்பதும் தானாகக் கிடைத்துவிடும். இருப்புச் சரிபார்ப்பு. ஊர்ப்புற நூலகருக்கு யாரும் எடுக்காத நூலைப் பற்றி மேலிடத்திலிருந்து கேள்வி வருவது அபூர்வம். காணாமல் போன நூலுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே அவர் இருப்புப் பதிவேட்டை விரித்து, எண்ணைப் பார்த்துப் பார்த்து டிக் போடுவது, இல்லாத புத்தகத்தைத் தேடித்தான். தேடுகிறபோது, இருந்தும் யாரும் தொடாதவை கையில் சிக்குகின்றன. உங்கள் முதல் பத்தியை இங்கே தொடங்குங்கள்: காணாமல் போன ஒரே ஒரு நாவலுக்காகக் கீழ்த்தட்டில் கையை விட்டுத் துழாவுகிறவரின் விரலில் முத்திரையே விழாத ஒரு சீட்டு தட்டுப்படட்டும்.

இனிமேல்தான் கதை. வெற்றுச் சீட்டு என்றால் யாரும் படிக்கவில்லை என்று பொருளல்ல. அனுபவமுள்ள எந்த நூலகரும் அதை அப்படியே நம்ப மாட்டார், உங்கள் ஆளும் நம்பக்கூடாது. 3,200-ல் 400 சீட்டு வெறுமையாக இருப்பதாக அவர் எழுதிவைக்கட்டும். அதில் ஒரு 150 போன வருடம் வந்தவை, அவற்றைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது. ஒரு 110 இரண்டாம் பிரதிகள். முதல் பிரதி முன்னால் நிற்பதால் எல்லோரும் அதையே எடுக்கிறார்கள், பின்னால் நிற்பது புதுசாகவே இருக்கிறது. மிச்சம் 140.

அந்த 140-ல் ஒரு 60 பேர்வழிகள்தான் வேடிக்கையானவை. நூலகத்திலேயே மிக அதிகமாக ஓடிய புத்தகங்கள் இதில்தான் ஒளிந்திருக்கும். ஒரு நாவல் நாற்பது கை மாறினால் முதுகு விட்டுப்போகும், பைண்டிங்குக்குப் போகும். திரும்பி வரும்போது கலிக்கோ துணி முதுகும் தடித்த அட்டையும் புதுச் சீட்டுமாக வரும். பழைய சீட்டு பைண்டர் கடையிலேயே கிழித்துப் போடப்பட்டிருக்கும், அல்லது புதியது அதன் மேலேயே ஒட்டப்பட்டிருக்கும். சீட்டை மட்டும் பார்த்தால் ஊரே படித்த புத்தகமும் ஒருவரும் தொடாத புத்தகமும் ஒன்றுபோல இருக்கும். கண்டுபிடிக்க வழி உண்டு. சீட்டின் ஓரத்தை நகத்தால் தடவினால், முந்தைய சீட்டின் மேலேயே ஒட்டியிருந்தால் தடிமன் தெரியும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அடியில் ஊதா மை நிழலாடும். அதுவும் இல்லையென்றால் பக்கங்களின் வலது கீழ்மூலையைப் பாருங்கள். புரட்டிய புத்தகத்தில் அந்த மூலை மென்மையாகி, அழுக்கேறி, லேசாக உருண்டிருக்கும். எச்சில் தொட்டுப் புரட்டும் பழக்கம் நம்மிடம் இருக்கிறவரை அந்த மூலை பொய் சொல்லாது.

உண்மையிலேயே தொடாத புத்தகத்துக்கும் அடையாளம் உண்டு. இரண்டு மழையும் விழுகிற மாவட்டம் நம்முடையது. ஜூனில் தென்மேற்கு, ஐப்பசியில் வடகிழக்கு. சுவரை ஒட்டிய அலமாரியில் ஐந்தாறு வருடம் அசையாமல் இருந்த புத்தகத்தில் வழவழப்பான படத்தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகைபோல ஆகியிருக்கும். பிரித்தால் படத்தின் மேல்தோல் எதிர்ப்பக்கத்தோடு உரிந்து வரும். ஸ்டேப்ளர் பின் அடித்த மெல்லிய புத்தகத்தில் கம்பி துருப்பிடித்து, அதைச் சுற்றித் தாள் பழுப்பு வட்டமாகியிருக்கும். ராமபாணப் பூச்சி ஒட்டுப் பசையைத் தேடி வருவதால், தேதிச் சீட்டின் ஓரத்தைத்தான் முதலில் அரிக்கும். எடுத்துப் புரட்டிக்கொண்டே இருந்தால் இவை அவ்வளவாக அண்டாது. உங்கள் கதையில் "தூசி படிந்த புத்தகம்" என்று ஏழு இடத்தில் வருகிறதாக இருந்தால், ஆறை எடுத்துவிட்டு, உரிந்து வருகிற ஒரு படத்தாளை வையுங்கள்.

பைண்டிங் ஆனவற்றைக் கழித்தால் 80. அதில் ஒரு 40, நூலகத்திலேயே உட்கார்ந்து பார்க்கிற நூல்கள். அகராதி, தேர்வு வழிகாட்டி, நிலப்பட நூல். இவை வீட்டுக்குப் போவதே இல்லை, பதிவும் ஆவதில்லை. இப்போது நீங்கள் எழுதிய நாற்பது என்ற எண்ணுக்கே வந்துவிட்டோம். ஆனால் உங்கள் நூலகர் பதினான்கு நாள் வடிகட்டி இதை அடைந்திருக்கிறார். அதனால் வாசகர் நம்புவார்.

நாற்பதையும் கதையில் சொல்ல வேண்டாம். சிறுகதை இரண்டைத் தாங்கும், மூன்றாவதுக்கே மூச்சு வாங்கும். நான் இரண்டை எடுத்து வைக்கிறேன், உங்கள் ஊர் இவற்றைத் தாராளமாகத் தரும்.

முதலாவது ஒரு தேனீ வளர்ப்புக் கையேடு. மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்க்காத தெரு உண்டா? அப்படிப்பட்ட ஊரில் தேனீப் புத்தகத்தின் சீட்டு வெறுமையாக இருந்தால் நூலகருக்கு முதலில் வருத்தம் வரும். அவர் அதையும் நாற்பதில் சேர்த்துவிடட்டும். பிறகு ஒருநாள் நூலைக் கையில் நிறுத்திப் பிடித்துத் தானாக விரியவிடும்போது, அது எப்போதும் ஒரே பக்கத்தில் விரிகிறது. நோய்கள் பற்றிய பக்கம். புழு கூட்டுப்புழுவாகும் முன்பே பை மாதிரி நீர் கோத்துச் செத்துப்போகிற தாய்சாக்புரூட் நோய் 1990-களின் தொடக்கத்தில் தென்னிந்தியா முழுக்க நாட்டுத் தேனீக் கூட்டங்களைச் சீரழித்தது. நம் மாவட்டமும் அதில் தப்பவில்லை. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் மெழுகு படிந்து, விரல் வைத்த இடம் கண்ணாடித் தாள்போல ஒளி விடுகிறது. மற்ற பக்கங்கள் புதிது. ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர்விடும் ஜனவரிக்குப் பின்தான் இங்கே தேன் காலம். மழை மாதங்களில் தேன் வரத்து இருக்காது, கூடு மெலியும், சர்க்கரைப் பாகு வைக்க வேண்டும், சந்தேகங்களும் அப்போதுதான் வரும். ஆகவே தேனீக்காரர்கள் வருவது ஆடி மழையில். நின்றபடியே ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இதை விளக்காதீர்கள். இரண்டு வரிப் பேச்சு போதும்:

"வீட்டுக்கு எழுதித் தரட்டா அண்ணா?"

"வேண்டாம் சாரே. ஒரு பக்கம் பாத்தா போரும்."

இதற்குப் பிறகு நூலகர் தன் பட்டியலில் ஓர் எண்ணை அடிக்கிறார். முப்பத்தொன்பது.

இரண்டாவது ஒரு மலையாளப் புத்தகம். 1956 நவம்பர் 1-ல் கல்குளமும் விளவங்கோடும் அகஸ்தீஸ்வரமும் தோவாளையும் தமிழ்நாட்டோடு சேரும்வரை இந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. பள்ளியில் மலையாளம் படித்து வளர்ந்த தலைமுறை இங்கே இருந்தது. பழைய வாசகசாலையிலிருந்தோ, ஒரு வீட்டுப் பெட்டியிலிருந்தோ நன்கொடையாக வந்த நூல் என்று வையுங்கள். இருப்புப் பதிவேட்டில் விலைக்கான கட்டத்தில் "நன்கொடை" என்று இருக்கும். பெயர் தமிழ் எழுத்தில் இருக்கும், அதுவும் எழுதியவர் காதால் கேட்டதுபோலத் தப்பும் தவறுமாக. உங்கள் நூலகருக்கு நாற்பது வயது என்றால் அட்டையில் இருப்பதை அவரால் வாசிக்க முடியாமல் போகலாம். எடுக்கவேண்டியவர்களின் வயதை எண்ணிப் பாருங்கள். 1956-ல் பத்து வயதுப் பையனுக்கு இப்போது எண்பதை ஒட்டிய வயது. நூலகம் மாடியில் இருந்தால் ஏறி வர மாட்டார். இந்தச் சீட்டு வெறுமையாக இருப்பதற்குக் காரணம் படிக்கட்டு என்று கதையில் எங்கும் எழுதாமல், கைப்பிடிச் சுவர் இல்லாத பன்னிரண்டு படிகளை முதல் பக்கத்திலேயே காட்டிவிடுங்கள்.

அந்தப் புத்தகத்தின் முதல் தாளில் மையால் ஒரு பெயரும் 15-3-1124 என்ற தேதியும் இருக்கட்டும். நூலகர் அதை ஏதோ நூல் எண் என்றுதான் முதலில் நினைப்பார். அது கொல்லம் ஆண்டு. ஆவணியில், மலையாளத்தில் சிங்ஙம் என்பார்கள், வருடம் பிறக்கும். 824-ஐக் கூட்டினால் அந்த ஆண்டு தொடங்கும் ஆங்கில வருடம் வரும், இங்கே 1948. மூன்றாம் மாதம் துலாம், நம் ஐப்பசி. ஆக 1948 அக்டோபர் கடைசி. ஜனவரி பிறந்ததிலிருந்து அடுத்த ஆவணி பிறக்கும்வரை உள்ள நாள்களுக்கு 825-ஐக் கூட்ட வேண்டும். இதில் தவறினால் ஒரு வருடம் பிசகும், பழைய ஆட்கள் உடனே பிடித்துவிடுவார்கள். நூலகத்தின் சீட்டில் ஒரு தேதியும் இல்லாத நூலுக்கு அதற்கு முன்பே ஒரு வாசகர் இருந்திருக்கிறார் என்பதை இந்த ஒரு தேதி சொல்லிவிடும்.

"கழித்துவிடுவார்கள்" என்ற பயத்தைக் கொஞ்சம் தணிக்க வேண்டும். ஊர்ப்புற நூலகர் தானாக ஒரு நூலைக் கழிக்க முடியாது. பட்டியல் தயாரித்து மேலே அனுப்பி, ஒப்புதல் வந்தபின்தான் இருப்புப் பதிவேட்டில் சிவப்பு மையால் அடிக்கலாம். வழக்கமாக எழுதும் காரணம் சிதைவு, பூச்சி அரிப்பு, காலாவதி. யாரும் எடுக்கவில்லை என்பதற்காக மட்டும் ஒரு நல்ல பிரதி போகாது. ஆனால் இடம் இல்லாவிட்டால் போகும். நூலக ஆணையில் மொத்தமாக வாங்கிய புதுக் கட்டுகள் வந்து இறங்கும், எந்த ஊருக்கு எது என்று அந்த ஊர் நூலகரைக் கேட்டா அனுப்புகிறார்கள்? அலமாரி இருப்பதோ ஆறு. சாக்கில் கட்டி மூலையில் போடும் புத்தகம் இரண்டு மழையில் தானே சிதைந்துவிடும், பிறகு காரணம் உண்மையாகவே கிடைத்துவிடும். பயம் வேண்டுமென்றால் அந்தச் சாக்கைக் காட்டுங்கள்.

இனி முத்திரை. பொய்ப் பதிவால் புத்தகத்தைக் காப்பாற்றும் முயற்சி உலகில் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு நூலகத்தில் இல்லாத ஓர் ஆளின் பெயரில் உறுப்பினர் அட்டை உண்டாக்கி, கழிக்கப்பட இருந்த நூல்களை அவர் எடுத்ததாகக் கணினியில் பதிந்தார்கள். 2016-ல் அது வெளியே வந்தது. ஆகவே உங்கள் கற்பனையைக் கைவிட வேண்டாம். கைப் பதிவேட்டில் அது எப்படிப் பிடிபடும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

பல வருடங்களில் விழுந்த முத்திரைகள் ஒன்றுபோல இருக்காது. ஒன்று சாய்வு, ஒன்று மங்கல், ஒன்று பேட் புதிதாக இருந்தபோது குத்தியதால் தாளின் பின்பக்கம் வரை ஊறியது. ஒரே மாலையில் குத்தியவை வரிசையாக, ஒரே ஊதாவில் நிற்கும். இது முதல் காட்டிக்கொடுப்பு. 2019-க்குப் பின் வாங்கிய ரப்பர் முத்திரையில் வருடப் பட்டையைப் பின்னோக்கித் திருப்பும்போது, உபயோகிக்காத எண்களின் மேல் மை படியாமல் ரப்பர் புதிதாக இருக்கும், 2019 மட்டும் துலக்கமாக விழும். இதைக் கிட்டத்தில் வைத்து எழுதலாம், நல்ல காட்சி.

பெரிய சிக்கல் வழங்கல் பதிவேடு. சீட்டில் தேதி இருந்தால் பதிவேட்டில் அதற்கு இணையான வரி இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் நடுவே இடம் விட்டு எழுதும் வழக்கம் இல்லை. நாள் முடிந்ததும் மொத்தம் போட்டுக் கோடு இழுத்துவிடுவார்கள், அந்த மொத்தம் மாத அறிக்கையில் போய்விடும். பழைய நாளுக்குள் புது வரியை நுழைக்க முடியாது.

அந்த 14-6-2019-ஐ நீங்கள் தெரிந்து வைத்தீர்களா, தற்செயலாக விழுந்ததா என்று தெரியவில்லை. அது வெள்ளிக்கிழமை. நம் கிளை, ஊர்ப்புற நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளி. தவணை பதினான்கு நாள் என்றால் சரியாக இரண்டு வாரம், அதாவது எடுத்த கிழமையும் தரவேண்டிய கிழமையும் ஒன்றே. சனிக்கிழமை எடுத்தால் சனிக்கிழமை. நூலகம் வெள்ளியன்று திறப்பதே இல்லை என்பதால், அந்த நூலகத்தின் எந்தச் சீட்டிலும் வெள்ளிக்கிழமைத் தேதி இருக்க வழியில்லை.

தவறு என்று திருத்திவிடாதீர்கள், தேதியை அப்படியே வையுங்கள். முத்திரை குத்தி முடித்த நூலகர், மனம் கேட்காமல், இணையான வரியை எங்கேயாவது எழுத இடம் இருக்குமா என்று பழைய பதிவேட்டைப் பிரிக்கட்டும். பதினான்கு நாளைக் கழித்தால் 31-5-2019. பக்கத்தைத் திருப்புகிறார். 30-5-2019, வியாழன், இருபத்திரண்டு வரி, மொத்தம், அவருடைய கையெழுத்து, சிவப்புக் கோடு. கோட்டுக்கு அடுத்த வரியில் 1-6-2019.